கூட்டத்தின் பிபிடியும் லிஃப்ட் அருகே ஒட்டும் நோட்டீஸும்

சென்னையில் ஒரு பெரிய குடிநீர்க் குழாயில் இணைப்பு வேலை என்றால், அதற்கு முன்பு பகுதிவாரியாகக் கூட்டம் நடப்பதுண்டு. குடியிருப்போர் நலச் சங்கங்களின் செயலாளர்களும் பொருளாளர்களும் போய் உட்காருவார்கள். திரையில் ஸ்லைடுகள் ஓடும். ஏரிகளின் இருப்பு, நாள்தோறும் விநியோகிக்கும் அளவு, புதிய குழாயின் விட்டம், பணி நடக்கும் நாட்கள், தண்ணீர்ப் பரிசோதனை முடிவுகள் என்று பதினைந்து இருபது ஸ்லைடுகள் வரும். கூட்டம் முடிந்ததும் அந்தக் கோப்பு யாரோ ஒருவர் கைப்பேசிக்கு வரும். அன்றிரவே அது அப்படியே குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் விழும். ‘தகவல் சொல்லியாகிவிட்டது’ என்று சங்கமும் நினைத்துக்கொள்ளும்.

அந்தக் கோப்பைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு. திறந்தாலும், தன் வீட்டுக் குழாயில் எந்த நாள் எந்த நேரத்தில் தண்ணீர் வராது என்பது ஆறாவது ஸ்லைடின் மூலையில் சிறிய எழுத்தில் இருக்கும். பேசியவருக்கு அது குறை இல்லை. ஸ்லைடு என்பது பக்கத்தில் நின்று ஒருவர் விளக்கிப் பேசுவதற்காகச் செய்தது. பேசியவர் போன பிறகு ஸ்லைடில் பாதிச் செய்திதான் மிச்சம். மீதிப் பாதி அவர் வாயிலிருந்து வந்தது. அதை யாராவது குறித்துவைத்திருந்தால்தான் உண்டு.

இதை ஒரு கணக்கோடு பார்த்துவிடலாம். சென்னையின் தென்புறத்தில் 60 வீடுகள் கொண்ட ஓர் அடுக்ககம் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 240 பேர். கீழே ஒரு சம்ப், மாடியில் மேல்நிலைத் தொட்டிகள், வாரியக் குழாய் இணைப்பு, அவசரத்துக்கு ஒரு போர்வெல். கூட்டத்தில் காட்டிய ஸ்லைடு இப்படிச் சொல்கிறது: ‘பிரதானக் குழாய் இணைப்புப் பணி காரணமாக 17.06 காலை 6.00 மணி முதல் 19.06 காலை 6.00 மணி வரை 48 மணி நேரம் குடிநீர் விநியோகம் நிறுத்தம். பொதுமக்கள் போதிய அளவு குடிநீரைச் சேமித்து வைத்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்.’ எண்களும் நாட்களும் கணக்குக்காக நான் எடுத்துக்கொண்டவை. வாசகம் நாம் செய்தித்தாளில் பார்த்துப் பழகியதுதான்.

முதல் வேலை, ஸ்லைடுகளைக் கழிப்பது. ஒவ்வொரு ஸ்லைடையும் எடுத்து, இதைப் படித்த ஒருவர் தன் வீட்டில் எதையாவது மாற்றிச் செய்வாரா என்று பார்க்க வேண்டும். அவர் செய்வதற்கு எதுவும் இல்லையென்றால் அது நோட்டீஸுக்கு வேண்டாம்.

ஏரி இருப்பு ஸ்லைடிலிருந்தே தொடங்கலாம். பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம், கண்ணன்கோட்டை தேர்வாய்கண்டிகை ஆகிய ஐந்தின் மொத்தக் கொள்ளளவு சுமார் 11.75 டிஎம்சி. ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கன அடி, அதாவது ஏறக்குறைய 2,830 கோடி லிட்டர். இந்த எண்ணைக் கேட்டதும் மனதுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் ஏரியில் தண்ணீர் நிறைந்திருந்தாலும் வால்வை மூடிவிட்டால் நம் தெருவுக்கு ஒரு சொட்டும் வராது. நோட்டீஸில் ஏரி அளவைப் போட்டால், ‘இவ்வளவு தண்ணீர் இருக்கிறதே, எதற்குச் சேமிக்க வேண்டும்’ என்று ஒரு பாதி பேர் விட்டுவிடுவார்கள்.

அதேசமயம் அந்த ஸ்லைடிலிருந்து ஒரே ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும். 2019 கோடையில் ஏரிகள் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததை இந்த ஊர் மறக்கவில்லை. ‘விநியோகம் நிறுத்தம்’ என்று மட்டும் எழுதினால் அந்தப் பயம் திரும்பி வரும். வீட்டிலுள்ள டிரம், வாளி, அண்டா எல்லாவற்றையும் நிரப்பத் தொடங்குவார்கள். ஆகவே ‘இது தண்ணீர்ப் பஞ்சம் இல்லை, குழாய் இணைப்பு வேலை’ என்ற ஒரு வரி அவசியம். மற்றபடி ஏரிகளும் குழாயின் விட்டமும் திட்டச் செலவும் நெம்மேலியின் கடல்நீர் ஆலையும் போகட்டும். விருப்பமுள்ளவர்களுக்குக் கோப்பைத் தனியாக அனுப்பிவைக்கலாம்.

அடுத்து, பேசியவர் சொன்னதைத் திரும்பப் பிடிப்பது. ஸ்லைடு 48 மணி நேரம் என்கிறது. பொறியாளர் பேசும்போது ‘வேலை முடிந்து வால்வைத் திறந்தாலும் குழாய் நிரம்பி அழுத்தம் வர நேரமாகும், கடைசிப் பகுதிகளுக்கு இன்னும் ஒரு நாள் கூட ஆகலாம்’ என்று சொல்லியிருப்பார். இது ஸ்லைடில் இருக்காது. இங்கேதான் பல நோட்டீஸ்கள் தவறிப்போகின்றன. ஸ்லைடில் உள்ள 48 மணி, வேலை எவ்வளவு நேரம் நடக்கும் என்பதற்கான கணக்கு. நம் சம்ப்புக்குத் தண்ணீர் எப்போது வந்து சேரும் என்பது வேறு கணக்கு. நிறுத்திய குழாயில் தண்ணீர் வடிந்து காற்று நிறைந்திருக்கும். வால்வைத் திறந்ததும் அந்தக் காற்றை வெளியே தள்ளிக்கொண்டு தண்ணீர் வர வேண்டும். நீரேற்று நிலையத்துக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் முதலில் பிடிப்பார்கள், மேடான தெருவும் கடைக்கோடித் தெருவும் காத்திருக்கும். நாம் எந்த இடத்தில் இருக்கிறோம் என்பதைப் பகுதி அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடமோ, நம் தெருவுக்கு வால்வு திறக்கும் ஊழியரிடமோ ஒருமுறை கேட்டுவிட வேண்டும். கேட்டால் சொல்வார்கள். நம் உதாரணத்தில் ‘வெள்ளிக்கிழமை காலைக்குள் வந்துவிடும்’ என்கிறார் என்று கொள்வோம். அப்படியானால் சங்கம் திட்டமிட வேண்டியது 48 மணி நேரத்துக்கு அல்ல, 72 மணி நேரத்துக்கு.

இனி, நம்மிடம் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது? ஸ்லைடில் ஆள் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற எண் வந்திருக்கும். நகரக் குடிநீர்த் திட்டங்களுக்கு மத்திய அரசின் கையேடு வைத்திருக்கும் அளவு அது. 240 பேருக்கு ஒரு நாளைக்கு 32,400 லிட்டர். மூன்று நாளைக்கு 97,200 லிட்டர்.

சம்ப்பின் அளவு ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம், இரண்டரை மீட்டர் ஆழம் என்றால் கொள்ளளவு 50,000 லிட்டர். வரைபடத்தில் அப்படித்தான் இருக்கும். ஆனால் மோட்டாரின் உறிஞ்சுகுழாய் தரையைத் தொடுவதில்லை, தொடவும் கூடாது, அடியில் வண்டல் இருக்கும். அடியில் ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் விட்டால் அதிலேயே 6,000 லிட்டர் போய்விடும். எனவே எடுக்க முடிவது 44,000. மாடித் தொட்டிகளில் 20,000. ஆக மொத்தம் 64,000 லிட்டர். தீயணைப்புக்கென்று தனித் தொட்டி இருந்தால் அதை இந்தக் கணக்கில் சேர்க்கவே கூடாது. அந்தத் தண்ணீரைத் தொட்டுவிட்டு, அந்த மூன்று நாளில் ஏதாவது நடந்துவிட்டால் பதில் சொல்ல முடியாது.

97,200 தேவை, 64,000 இருப்பு. 33,200 லிட்டர் பற்றாக்குறை. 12,000 லிட்டர் லாரி மூன்று வரவழைக்க வேண்டும் என்று பொருளாளர் சொல்வார். கணக்கு சரிதான். ஆனால் அக்கம்பக்கத்து அடுக்ககங்களும் அதே மூன்று நாளில் அதே லாரிகளைக் கேட்கும் என்பதால், மூன்றும் வரும் என்று நம்பி உட்கார முடியாது. தேவையைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

‘சிக்கனமாகப் பயன்படுத்தவும்’ என்று எழுதுவதில் பயனில்லை. யாரும் தாங்கள் வீணடிப்பதாக நினைப்பதில்லை. ஆளுக்கு 25 லிட்டர் குறைத்து 110 லிட்டர் ஆக்கினால் மூன்று நாளில் 18,000 லிட்டர் மிச்சம், தேவை 79,200 லிட்டராக இறங்கும். அப்போது இரண்டு லாரி போதும், கையில் 8,800 லிட்டர் இருக்கும். சரி, ஆளுக்கு 25 லிட்டர் என்பதை வீட்டில் எப்படி அளப்பது? நான்கு பேர் உள்ள வீட்டில் அது 100 லிட்டர். மேலே மூடி திறக்கும் தானியங்கி வாஷிங் மெஷின் ஒரு முறை ஓடினால் ஏறக்குறைய அவ்வளவு தண்ணீர் இழுக்கும். ஆக, ‘செவ்வாய், புதன், வியாழன் மூன்று நாளும் வாஷிங் மெஷின் போடாதீர்கள்’ என்று ஒரே ஒரு வேண்டுகோள் வைத்தால் பெரும்பகுதி கணக்கு நேராகிவிடுகிறது. எல்லோருக்கும் புரியும், எல்லோராலும் செய்ய முடியும், யாரையும் குறை சொல்லவில்லை. ஸ்லைடில் லிட்டரில் இருந்த செய்தியை வீட்டுக்குள் நடக்கும் ஒரு செயலாக மாற்றுவது இதுதான். ஒரு நோட்டீஸ் எழுதுகிறவரின் உழைப்பில் பெரும்பகுதி இங்கேதான் செலவாக வேண்டும் என்பது என் எண்ணம்.

லாரிக்கும் ஒரு நேரக் கணக்கு உண்டு. திங்கட்கிழமை சம்ப் நிறைந்திருக்கும்போது லாரி வந்தால் இறக்க இடம் இருக்காது. செவ்வாய் மாலைக்குள் 13,000 லிட்டர் செலவாகியிருக்கும், அப்போது முதல் லாரி. வியாழன் காலை இரண்டாவது லாரி. இந்த இரண்டு நேரத்தையும் நோட்டீஸில் போட்டால், வாசலில் வண்டி நிறுத்துகிறவர்கள் லாரிக்கு வழிவிடுவார்கள்.

‘போதிய அளவு சேமித்து வைக்கவும்’ என்ற வரி இன்னொரு சிக்கலையும் உண்டாக்கும். போதிய அளவு என்றால் ஒருவருக்கு இரண்டு குடம், இன்னொருவருக்கு 200 லிட்டர் டிரம். அறுபது வீட்டிலும் திங்கள் இரவு ஒன்பது மணிக்கு டிரம் நிரப்பினால் 12,000 லிட்டர் ஒரே மூச்சில் மாடித் தொட்டியிலிருந்து இறங்கும். செவ்வாய் காலை ஆறு மணிக்கு வால்வு மூடும்போது சம்ப் நிறைந்திருக்காது. கணக்கு தொடக்கத்திலேயே கெட்டுவிடும். குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளொன்றுக்கு ஆறு லிட்டர் போதும். நான்கு பேர், மூன்று நாள் என்றால் 72 லிட்டர். ஒரு குடம் 15 லிட்டர் என்று கொண்டால் ஐந்து குடம். அறுபது வீட்டுக்கும் சேர்த்து 4,500 லிட்டர்தான். அதையும் திங்கள் மதியத்துக்குள் பிடிக்கச் சொன்னால், வாரியத் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே சம்ப் மீண்டும் நிரம்பிவிடும்.

அடுத்து பரிசோதனை அட்டவணை. பிபிடியில் எல்லோரையும் குழப்புவது இந்த ஸ்லைடுதான். போர்வெல் தண்ணீரில் கரைந்த திடப்பொருள், அதாவது டிடிஎஸ், லிட்டருக்கு 1,650 மில்லிகிராம் என்று ஒரு வரி. பக்கத்தில் ‘ஏற்கத்தக்க அளவு 500, அனுமதிக்கும் உச்ச அளவு 2,000’ என்று இருக்கும். இந்தியத் தர நிர்ணயம் 10500 சொல்வது அது. 2,000-க்குள் இருக்கிறதே, குடிக்கலாம் என்று ஒருவர் சொல்வார். 500-ஐத் தாண்டிவிட்டதே, விஷம் என்று இன்னொருவர் சொல்வார். இரண்டும் தவறு. அந்த 2,000 என்பது வேறு தண்ணீரே கிடைக்காத இடத்துக்கு மட்டும். நமக்கு வேறு தண்ணீர் கிடைக்கிறது. ஆகவே போர் தண்ணீரைக் குடிக்கவும் சமைக்கவும் வேண்டாம், தரை கழுவவும் செடிக்கும் வண்டிக்கும் பயன்படுத்தலாம். நோட்டீஸில் இந்த முடிவு மட்டும் போதும். எண் வேண்டுபவர்களுக்குச் சங்க அலுவலகத்தில் அறிக்கை இருக்கிறது என்று சொல்லிவிடலாம்.

இதே இடத்தில் அடிக்கடி நடக்கும் ஒரு தவறு உண்டு. எந்தத் தண்ணீரானாலும் ‘காய்ச்சிக் குடிக்கவும்’ என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவார்கள். கிருமி இருந்தால் காய்ச்சினால் சாகும். உப்பு காய்ச்சினால் போகாது. தண்ணீர் ஆவியாகி உப்பு மிச்சப்படுவதால் செறிவு கூடத்தான் செய்யும். நைட்ரேட்டும் அப்படியே. போர் தண்ணீரைக் காய்ச்சிக் கைக்குழந்தைக்குக் கொடுத்துவிட்டு, பாதுகாப்பாகக் கொடுத்ததாக ஒரு தாய் நம்பிவிடக் கூடாது. எந்தத் தண்ணீருக்கு, எந்த நாளில், எதற்காகக் காய்ச்ச வேண்டும் என்று பிரித்து எழுதத்தான் வேண்டும்.

காய்ச்ச வேண்டிய நாட்கள் உண்மையிலேயே உண்டு. தண்ணீர் திரும்ப வரும் முதல் இரண்டு நாள் அவை. அழுத்தம் இல்லாமல் கிடக்கும் குழாயில் எங்காவது விரிசல் இருந்தால், சுற்றியுள்ள மண்ணில் தேங்கிய அழுக்குநீர் உள்ளே புகும். சாக்கடை அருகே ஓடும் பழைய குழாய் என்றால் ஆபத்து அதிகம். மீண்டும் தண்ணீர் பாயும்போது துருவும் வண்டலும் பெயர்ந்து வரும். எனவே முதலில் வரும் தண்ணீரைச் சம்ப்புக்குள் விடாமல் வெளியேற்ற வேண்டும். கண்ணாடி டம்ளரில் பிடித்து, வெள்ளைத் தாளுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் மங்கல் தெரியும். தெளிந்த பிறகு குளோரின் பார்க்க வேண்டும். கடையில் கிடைக்கும் சிறு பரிசோதனைப் பெட்டியில் மருந்துச் சொட்டு விட்டால், எஞ்சிய குளோரின் இருக்கும் தண்ணீர் மஞ்சளாகும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும், பெட்டியோடு வரும் நிற அட்டையில் ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம். நிறமே மாறவில்லையென்றால் பகுதி அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும், அதுவரை காய்ச்சியே குடிக்க வேண்டும். இதில் டம்ளரும் குளோரினும் பிளம்பரும் வாட்ச்மேனும் பார்க்கிற வேலை. அவர்களுக்குத் தனிச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். குடியிருப்பவர்களுக்கான நோட்டீஸில் ‘வெள்ளியும் சனியும் காய்ச்சிக் குடியுங்கள்’ என்பது மட்டும் போதும்.

இவ்வளவும் சேர்ந்து ஒரு பக்கத்தில் இப்படி வரும்:

அறிவிப்பு எண் 1 (ஜூன் 13, வெள்ளி மாலை ஒட்டியது)

செவ்வாய் (ஜூன் 17) காலை 6 மணி முதல் வாரியத் தண்ணீர் வராது. வெள்ளி (ஜூன் 20) காலைக்குள் திரும்ப வரும் என்று எதிர்பார்க்கிறோம்.

காரணம்: பெரிய குழாய் இணைப்பு வேலை. தண்ணீர்ப் பஞ்சம் இல்லை. சம்ப்பில் இருப்பதையும் லாரித் தண்ணீரையும் வைத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் தொடர்ந்து வரும்.

நீங்கள் செய்ய வேண்டியவை:
திங்கள் மதியம் 12 மணிக்குள் குடிக்கவும் சமைக்கவும் ஐந்து குடம் பிடித்து மூடி வையுங்கள். அதற்கு மேல் வேண்டாம்.
செவ்வாய், புதன், வியாழன் வாஷிங் மெஷின் போடாதீர்கள்.
கீழ்த்தளத்துப் போர் குழாய் தண்ணீர் தரை கழுவவும் செடிக்கும் வண்டிக்கும் மட்டும். காய்ச்சினாலும் குடிக்க வேண்டாம்.
வெள்ளி, சனி இரண்டு நாளும் குழாய்த் தண்ணீரை நன்றாகக் கொதித்த பின் ஒரு நிமிடம் விட்டு, ஆறவைத்துக் குடியுங்கள்.

லாரி வரும் நேரம்: செவ்வாய் மாலை 6 மணி, வியாழன் காலை 6 மணி. வாசலில் வண்டி நிறுத்தாதீர்கள்.

படியேறி இறங்க முடியாத மூத்தவர்கள், கைக்குழந்தை உள்ள வீடுகள், உடல்நலமில்லாதவர்கள் வாட்ச்மேனிடம் சொல்லுங்கள். தண்ணீர் வீட்டுக்கே வரும்.

நாள் மாறினால் வியாழன் இரவு 8 மணிக்கு இதே இடத்தில் அறிவிப்பு எண் 2 ஒட்டுவோம்.
செயலாளர், பொருளாளர் (பெயரும் தொலைபேசி எண்ணும்)

இதில் சில இடங்களைக் கவனிக்க வேண்டும். ‘நாளை’, ‘நாளை மறுநாள்’ என்ற சொல்லே இல்லை. வாட்ஸ்அப்பில் ஒருவர் இரண்டு நாள் கழித்துப் பகிர்ந்தால் அந்த நாளை வேறு நாளையாகிவிடும். கிழமையும் தேதியும் சேர்ந்தே இருக்கின்றன. நள்ளிரவு 12 மணி என்று எங்கும் எழுதவில்லை, ஏனென்றால் 18-ஆம் தேதி நள்ளிரவு என்றால் பாதிப் பேர் 17-ஆம் தேதி இரவு என்று எடுத்துக்கொள்வார்கள், மீதிப் பேர் 18-ஆம் தேதி இரவு என்று எடுத்துக்கொள்வார்கள். ‘திரும்ப வரும்’ என்று உறுதியாகச் சொல்லாமல் ‘எதிர்பார்க்கிறோம்’ என்றிருப்பது, உண்மையில் வாரியம் அவ்வளவுதான் சொல்லியிருக்கிறது என்பதால். தெரியாததைத் தெரிந்ததுபோல எழுதினால், அடுத்த முறை எழுதுவதை யாரும் நம்பமாட்டார்கள். அதற்குப் பதில், எப்போது எங்கே அடுத்த செய்தி வரும் என்று சொல்லியிருக்கிறது. அந்த ஒரு வரி இருந்தாலே செயலாளருக்கு வரும் தொலைபேசி அழைப்புகள் பாதியாகக் குறையும்.

எழுதி முடித்ததும் ஒட்டுவதற்கு முன் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். கூட்டத்துக்கு வந்தவரிடம் கொடுக்க வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும், விட்டுப்போனதைத் தன் நினைவிலிருந்து நிரப்பிக்கொள்வார். வாட்ச்மேனிடம் கொடுத்து, தாளைத் திருப்பி வைத்துவிட்டுக் கேளுங்கள்.

“அண்ணே, புதன்கிழமை காலையில பன்னிரண்டாம் வீட்டம்மா வந்து, கீழே இருக்கிற குழாயில ஒரு குடம் பிடிச்சுக்கட்டுமான்னு கேட்டா என்ன சொல்வீங்க?”

“எதுக்கும்மான்னு கேப்பேன் சார். சமைக்கன்னா வேணாம்னு சொல்லுவேன்.”

“காய்ச்சிக்கிறேன்னு சொன்னா?”

இந்த இடத்தில் அவர் தயங்கினால், போர் தண்ணீர் வரி இன்னும் தெளிவாகவில்லை என்று பொருள். ‘காய்ச்சினாலும் குடிக்க வேண்டாம்’ என்ற சொற்கள் மேலே உள்ள நோட்டீஸில் வந்தது அப்படி ஒரு தயக்கத்துக்காகத்தான். வீட்டு வேலைக்கு வரும் அக்காவிடமும் படித்துக் காட்டுங்கள். காலை ஏழு மணிக்குப் பாத்திரம் கழுவக் குழாயைத் திறப்பவரும், மெஷினில் துணி போடுபவரும் பல வீடுகளில் அவர்தான். அவர் எந்த வாட்ஸ்அப் குழுவிலும் இல்லை. வீட்டு உரிமையாளர்களின் குழுவில் மட்டும் செய்தி போட்டால், வாடகைக்கு இருப்பவர்களுக்கும் அது போய்ச் சேர்வதில்லை. இந்த மூன்று பேரும் பார்க்கும் இடம் லிஃப்ட் அருகே உள்ள சுவர்தான். நான்கடி தூரத்தில் நின்று படிக்கும் அளவுக்கு எழுத்து பெரிதாக இருக்கட்டும். ஒரு பக்கத்துக்கு மேல் போனால் எழுத்தைச் சுருக்காதீர்கள், வரியைக் குறையுங்கள்.

வாட்ஸ்அப்பில் போடும்போது நோட்டீஸைப் படமாகப் போடாமல் எழுத்தாகப் போடுங்கள். கண் மங்கியவர்கள் எழுத்தைப் பெரிதாக்கிப் படிக்கலாம், கைப்பேசியை வாசித்துக் காட்டவும் சொல்லலாம், பிறகு தேடினாலும் கிடைக்கும். எழுத்தை யாரும் மாற்றிப் பகிர முடியும் என்பது ஒரு குறை. அதற்காகத்தான் அறிவிப்பு எண். ‘சந்தேகம் இருந்தால் லிஃப்ட் அருகே ஒட்டிய எண் 1-ஐப் பாருங்கள்’ என்று கடைசியில் சேர்த்துவிடலாம். தமிழ் படிக்கத் தெரியாத குடும்பங்கள் இருந்தால் அவர்கள் மொழியிலும் ஒரு தாள் வேண்டும். அதில் நாள், ஐந்து குடம், போர் தண்ணீர் இந்த மூன்றும் இருந்தால் போதும்.

வியாழன் இரவு எட்டு மணிக்கு ஏதாவது ஒன்று ஒட்டியே ஆக வேண்டும், மாற்றம் இல்லையென்றாலும் ‘மாற்றம் இல்லை’ என்று. வேலை நீண்டுவிட்டால், கையிலிருக்கும் 8,800 லிட்டர் ஒரு நாளில் மூன்றில் ஒரு பங்குக்குத்தான் வரும். எட்டு மணி நேரம். மூன்றாவது லாரியைச் சொல்லிவைக்கவேண்டிய நேரம் அது, வெள்ளி காலை சம்ப் காலியான பிறகு அல்ல. எண் 2 ஒட்டும்போது எண் 1-ஐக் கிழித்துவிட வேண்டும். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் படிப்பவர் பழையதைப் படித்துவிட்டுப் போவார்.

சங்கத்தில் பொறுப்பில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கூட்டத்துக்குப் போகும்போது நோட்டுப் புத்தகம் ஒன்று எடுத்துப் போங்கள். ஸ்லைடைப் படம் பிடிக்க வேண்டாம், அது எப்படியும் வந்துவிடும். பேசுகிறவர் வாயால் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள், எழுந்து நின்று ‘எங்கள் தெருவுக்குத் தண்ணீர் எப்போது வரும், முதல் இரண்டு நாள் குடிக்கலாமா’ என்று இரண்டு கேள்வி கேளுங்கள். வீட்டுக்கு வந்து முதல் வேலையாகச் சம்ப்பை அளந்துவையுங்கள்.